கார்டுக்கு 2 சதவீதம் கூடுதல்: இந்த அறிவிப்பை எப்படி மாற்றி எழுதலாம்?

மலர், திண்டுக்கல்

எங்களுடையது வீட்டு உபயோகப் பொருள் கடை. மிக்சி, மின்விசிறி, இண்டக்‌ஷன் அடுப்பு, கூடவே பக்கத்துப் பட்டறையில் செய்து வரும் இரும்பு பீரோ, கட்டில். கல்லாவுக்கு மேலே மாமனார் ஒட்டிய ஓர் அறிவிப்பு இருக்கிறது. அப்படியே தருகிறேன்:

"கார்டு உபயோகித்தால் 2% எக்ஸ்ட்ரா. பேங்க் சார்ஜுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. ஒத்துழைப்புத் தரவும். – நிர்வாகம்"

இதனால் கல்லாவில் ஓயாத வாக்குவாதம். ஒரு மிக்சியை ரூ.3,800க்குப் பேசி முடிக்கிறோம். வாடிக்கையாளர் கார்டை நீட்டியதும் ரூ.3,876 என்கிறோம். உடனே முகம் மாறிவிடுகிறது. போன வாரம் ஓர் ஆசிரியர், கட்டி வைத்த மிக்சியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். "எழுபத்தாறு ரூபாயை நான் கணக்குப் பார்க்கவில்லை, பேசும்போதே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

கொஞ்சம் மரியாதையாக எழுதினால் சரியாகும் என்று நினைத்து இப்படி எழுதிப் பார்த்தேன்:

"அன்பார்ந்த வாடிக்கையாளர்களே! கிரெடிட் மற்றும் டெபிட் கார்டு பரிவர்த்தனைகளுக்கு வங்கி எங்களிடம் கட்டணம் வசூலிப்பதால், அதனை ஈடுகட்ட 2% சேவைக் கட்டணம் பெறப்படுகிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம்."

அச்சுக்குக் கொடுக்கலாமா? திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

அச்சகத்துக்காரன், மதுரை

அம்மா, அச்சடிக்கக் கொடுத்தால் எனக்கு வருமானம்தான். ஆனாலும் கொடுக்காதீர்கள் என்றே சொல்வேன். பழைய பலகை அதட்டுகிறது, புதிய பலகை கும்பிடுகிறது. சொல்வது இரண்டும் ஒன்றையே: நீங்கள் பேசி முடித்த விலை விலையே அல்ல.

அது எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். கல்லாவுக்கு மேலே. அந்த இடத்தை ஆட்கள் எப்போது பார்ப்பார்கள்? பொருளைத் தேர்ந்தெடுத்து, பேரம் பேசி, பணப்பையைக் கையில் எடுத்த பிறகு. அதற்கு முன்னால் அவர்கள் கண் பொருளின் மேலும் விலைச்சீட்டின் மேலும்தான் இருக்கும். விலை பற்றிய செய்தி விலைச்சீட்டில் இல்லாமல் சுவரில் இருந்தால், எத்தனை பெரிய எழுத்தில் அடித்தாலும் அது ஒளித்து வைத்ததாகவே தோன்றும்.

"பெறப்படுகிறது", "வசூலிப்பதால்" போன்றவை நீதிமன்ற வாடை அடிக்கின்றன. கடைக்காரர் பேசுகிற மாதிரி எழுதுங்கள்.

பேரேடு

வரிக் கணக்குப் பார்ப்பவன் நான். நடைக்கு முன்னால் உள்ளடக்கத்தைச் சரிசெய்யுங்கள். இரண்டு வரைவுகளிலும் டெபிட் கார்டு இருக்கிறது. அது முதலில் போக வேண்டும். டெபிட் கார்டில் வாங்குபவரிடம் கடைக்காரர் தனிக் கட்டணம் வாங்குவது நியாயமில்லை, அப்படி வாங்கும் கடையோடு வங்கி உறவை முறிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டது. 2017 டிசம்பரில் டெபிட் கார்டுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்தபோதும், அந்தக் கட்டணம் வாடிக்கையாளர் தலையில் விழாமல் வங்கிகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. டெபிட் கார்டையும் சேர்த்து எழுதி ஒட்டினால், உங்களுக்கு எதிரான சாட்சியத்தை நீங்களே சுவரில் மாட்டியதாகும்.

அதோடு, வங்கி உங்களிடம் இரண்டுக்கும் ஒரே தொகை பிடிப்பதில்லை. ரூபே டெபிட் கார்டுக்கும், வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐக்கும் 2020 ஜனவரி முதல் கடைக்காரருக்குக் கட்டணமே கிடையாது. மற்ற டெபிட் கார்டுகளுக்கு, ஆண்டு விற்றுமுதல் ரூ.20 லட்சத்தைத் தாண்டிய கடை என்றால், அதிகபட்சம் 0.90 சதவீதம். கிரெடிட் கார்டுக்குத்தான் அப்படி உச்சவரம்பு இல்லை. ஆக "கார்டு" என்று பொதுவாக எழுதி எல்லாவற்றுக்கும் 2 சதவீதம் கேட்பது உண்மையும் அல்ல.

ஒன்று கேட்கிறேன், சகோதரி. கார்டு இயந்திரத்தில் ரூ.3,876 போடுகிறீர்கள். பில் எவ்வளவுக்குப் போடுகிறீர்கள்?

மலர், திண்டுக்கல்

பில் ரூ.3,800க்குத்தான் சார். எழுபத்தாறு வங்கிக்குப் போகிற பணம்தானே?

பேரேடு

இதைத்தான் எதிர்பார்த்தேன். ஊரில் பாதிக் கடைகளில் இப்படித்தான் நடக்கிறது.

வாடிக்கையாளர் உங்களிடம் தருவது எல்லாமே பொருளுக்கான விலையின் பகுதிதான். "கட்டணம்" என்று பெயர் வைத்தாலும் அது விற்பனை மதிப்பில் சேரும். பொருளுக்கு என்ன வரியோ அதுவே அதற்கும். மிக்சிக்கு 18 சதவீதம் என்றால், அந்த எழுபத்தாறுக்குள் ஏறக்குறைய ரூ.11.60 ஜிஎஸ்டி இருக்கிறது. வங்கி உங்களிடம் பிடிப்பது வேறு கணக்கு. அது உங்கள் செலவு. அந்தச் செலவின்மேல் வங்கி போடும் ஜிஎஸ்டியை, நீங்கள் வழக்கமான முறையில் வரி கட்டுபவராக இருந்தால், உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் தொகுப்புத் திட்டத்தில் இருந்தால் முடியாது.

இப்போது செய்வதுபோல் செய்தால் மாதக் கடைசியில் இது தானே வெளியில் வரும். பில் புத்தகத்தில் கார்டு விற்பனை ரூ.70,000 என்றால், கார்டு இயந்திரத்தின் அறிக்கையில் ரூ.71,400 இருக்கும். தணிக்கைக்கு வருபவர் முதலில் ஒப்பிடுவதே இந்த இரண்டையும்தான். வாடிக்கையாளருக்கும் இது நியாயமாகத் தெரியாது. கையில் பில் ரூ.3,800க்கு, கைப்பேசியில் வந்த குறுஞ்செய்தி ரூ.3,876க்கு. பழுதான மிக்சியைத் திருப்பிக் கொடுத்தால் எந்தத் தொகை கிடைக்கும் என்ற சந்தேகம் அவருக்கு வரும், வர வேண்டியதுதான்.

மருந்துக்கடை, தென்காசி

எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு பைசா வாங்கினாலும் சட்ட அளவியல் துறை பிடிக்கும். நாங்கள் எம்.ஆர்.பி.யிலேயே விற்பதால் இந்த 2 சதவீதப் பேச்சே எங்களுக்கு ஆகாது. உங்கள் மிக்சி எம்.ஆர்.பி. எவ்வளவு? அதற்குள் இருந்தால் தாராளமாக வாங்குங்கள், யாரும் கேட்க முடியாது. டெபிட்டை மட்டும் எடுத்துவிட்டால் அக்காவின் வரைவு சரியாகத்தான் இருக்கிறது.

எங்கள் பிரச்சினை வேறு. ரூ.43க்கு மாத்திரை வாங்கிவிட்டுக் கிரெடிட் கார்டை நீட்டுகிறார்கள். "ரூ.200க்குக் கீழ் கார்டு இல்லை" என்று எழுதி வைத்தேன். அதையும் ஒருவர் படம் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டார்.

பேரேடு

தம்பி சொல்வதில் முதல் பாதி சரி. அடைத்து விற்கும் பொருளை எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கக் கூடாது. என்ன பெயரில் கூட்டினாலும் மொத்தம் அதைத் தாண்டக் கூடாது. எம்.ஆர்.பி. ரூ.4,500 உள்ள மிக்சியை ரூ.3,876க்கு விற்றால் அந்த விதி மீறப்படவில்லை. ஆனால் "யாரும் கேட்க முடியாது" என்பது தவறு. கார்டு இயந்திரம் தந்த வங்கியோடு நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்கிறது. கார்டுக்கென்று விலையைக் கூட்டக் கூடாது என்ற நிபந்தனை அதில் இருப்பது சகஜம். புகார் போனால் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் படியுங்கள்.

சிவம், ஸ்காபரோ

இதில் ஏன் இவ்வளவு சிக்கல் என்று எனக்கு விளங்கவில்லை. இங்கே கனடாவில் 2022 அக்டோபர் முதல் கடனட்டைக்கு மேலதிகக் கட்டணம் வாங்கலாம். 2.4 வீதம் வரைதான். வங்கி அட்டைக்கு வாங்கக் கூடாது. கியூபெக் மாகாணத்தில் அனுமதி இல்லை. வாசலிலும் கல்லாவிலும் அறிவித்தல் வைக்க வேண்டும், பற்றுச்சீட்டில் தனி வரியாகக் காட்ட வேண்டும். எங்கள் பலசரக்குக் கடை வாசலில் ஒட்டியிருப்பது இவ்வளவுதான்: "கடனட்டைக்கு 2% சேரும். வங்கி அட்டைக்கும் காசுக்கும் சேராது." சனம் வாசித்துவிட்டு உள்ளே வருகிறது. தங்கச்சி இதையே போடலாமே?

பேரேடு

அங்கே அது விதி அனுமதித்த கட்டணம், ஐயா. இங்கே அப்படி வெளிப்படையான அனுமதி இல்லாததால் அதே வாசகத்தை எடுத்துப் போட முடியாது. ஆனால் உங்கள் அறிவிப்பில் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. வாசலிலேயே சொல்லிவிடுகிறீர்கள். எதற்குச் சேராது என்பதையும் சேர்த்துச் சொல்கிறீர்கள். இரண்டாவது வாக்கியம்தான் படிப்பவரைச் சமாதானப்படுத்துகிறது. கூடுதல் தராமல் தப்பிக்கும் வழி அவர் கையிலேயே இருக்கிறது என்று அது காட்டுகிறது.

எதிர்ப்பக்கம்

நான் கடைக்காரன் அல்ல, வாங்குகிறவன். அடுத்து நீங்கள் எல்லோரும் எங்கே போவீர்கள் என்று தெரியும். கட்டணத்தை எடுத்துவிட்டு "ரொக்கத்துக்குத் தள்ளுபடி" என்று போடச் சொல்வீர்கள். ரூ.3,800 சீட்டைக் கிழித்துவிட்டு ரூ.3,880 ஒட்டி, பிறகு ரூ.80 தள்ளுபடி. ஆடி மாதம் முழுக்க நாங்கள் பார்க்கிற வித்தைதானே இது? கூட்டிக் கழிப்பதற்கு நியாயம் என்று பெயரா?

தவிர, ரொக்கம் வாங்கினால் உங்களுக்குச் செலவே இல்லையா? எண்ணுவது, கள்ள நோட்டுப் பார்ப்பது, வங்கியில் வரிசையில் நின்று கட்டுவது எல்லாம் யார் கணக்கு? அதற்கு எங்களிடம் 1 சதவீதம் கேட்டீர்களா?

அச்சகத்துக்காரன், மதுரை

கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் ஓரிடத்தில் நான் மாறுபடுகிறேன். ஒரே வித்தியாசத்தைக் "கூடுதல்" என்று சொன்னால் தண்டனையாகவும் "குறைவு" என்று சொன்னால் சலுகையாகவும் மனிதர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்கக் கடன் அட்டை நிறுவனங்கள் "கார்டுக்குக் கூடுதல்" என்ற பேச்சே வேண்டாம், வேறுபாடு இருந்தே தீர வேண்டுமானால் "ரொக்கத்துக்குத் தள்ளுபடி" என்று சொல்லுங்கள் என வாதாடியதைப் பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் 1980இலேயே எழுதியிருக்கிறார். ஆக வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால் சண்டை குறையும் என்பது உண்மை.

நீங்கள் சொல்கிற ஆபத்தும் உண்மை. அதனால்தான் இந்த மாதிரி வேலை வரும்போது "சிறப்புத் தள்ளுபடி", "அதிரடி", "இன்றே கடைசி" எதையும் நான் சேர்க்க விடுவதில்லை. ஆண்டு முழுவதும் இருக்கிற விலைக்கு அந்த வேடம் எதற்கு? இரண்டு விலையையும் சீட்டிலேயே போட்டுவிட்டால், வாடிக்கையாளர் எதைத் தருவது என்று அவரே தீர்மானிப்பார். சதவீதமும் வேண்டாம். ரூபாயாகச் சொல்லுங்கள். கடையில் நின்று 3,800க்கு 2 சதவீதம் எவ்வளவு என்று யாரும் கணக்குப் போட மாட்டார்கள். மனத்தில் ஒரு பெரிய தொகையாகத்தான் விழும்.

பேரேடு

மலர், ஒரு நிமிடம். பலகை வேண்டுமா என்பதையே முதலில் பார்த்துவிடலாம். மாத விற்பனை எவ்வளவு, அதில் கிரெடிட் கார்டு எவ்வளவு?

மலர், திண்டுக்கல்

மாதம் சுமார் ஆறு லட்சம். கிரெடிட் கார்டு எழுபதாயிரத்தைச் சுற்றி வரும். மீதி பெரும்பாலும் யுபிஐ, பிறகு ரொக்கம், கொஞ்சம் டெபிட் கார்டு. வங்கி கிரெடிட் கார்டுக்கு 2 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் பிடிக்கிறது. நாங்கள் வழக்கமான முறையில் வரி கட்டுகிறோம்.

பேரேடு

அப்படியானால் எழுபதாயிரத்துக்கு வங்கி எடுப்பது ரூ.1,400. அதன்மேல் ஜிஎஸ்டி ரூ.252 வரை, அது உங்களுக்குத் திரும்பிவிடும். நிகரச் செலவு ரூ.1,400. ஆறு லட்சத்தில் அதைப் பரப்பினால் ஆயிரம் ரூபாய் விற்பனைக்கு இரண்டு ரூபாய் முப்பது காசு. இதற்காகத்தான் சுவரில் ஒரு பலகை, கல்லாவில் தினம் ஒரு சண்டை, கட்டி வைத்த மிக்சியை விட்டுவிட்டுப் போகும் ஆசிரியர். பலகையைக் கழற்றிவிட்டு எல்லோருக்கும் ஒரே விலை என்று விற்றுவிடுங்கள். மின்கட்டணத்துக்குத் தனிப் பலகை வைக்கிறோமா?

எதிர்ப்பக்கம்

இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மலர், திண்டுக்கல்

கணக்கு சரி சார், ஆனால் செலவு சமமாக விழுவதில்லை. கிரெடிட் கார்டில் வருபவர் பெரும்பாலும் நிறுவன மிக்சி, இண்டக்‌ஷன் அடுப்பு வாங்குபவர். இணையத்தில் விலை பார்த்துவிட்டு வந்து அதே விலை கேட்பார். அந்த ரூ.3,800 மிக்சியில் எங்களுக்கு நிற்பது நூற்றைம்பது ரூபாய். அதில் எழுபத்தாறு போனால் பாதி லாபம் போய்விட்டது. பீரோவில் லாபம் இருக்கிறது, அங்கே நானே ஏற்றுக்கொள்கிறேன். மெல்லிய லாபம் உள்ள பொருளுக்கு மட்டும் ஏதாவது வழி வேண்டும்.

பேரேடு

இது நியாயம். அப்படியானால் கடை முழுக்கப் பலகை வேண்டாம்; அந்தப் பொருள்களின் சீட்டில் மட்டும் இரண்டு விலை.

மிக்சியையே போட்டுப் பார்க்கலாம். கையில் வர வேண்டியது ரூ.3,800. சீட்டு விலையை ரூ.3,880 வைக்கிறீர்கள். கிரெடிட் கார்டில் வந்தால் வங்கி எடுப்பது ரூ.77.60; கைக்கு வருவது ரூ.3,802.40. பார்த்தால் சரியாக இருக்கிறது. ஆனால் கூட்டிய எண்பதுக்குள் ரூ.12.20 ஜிஎஸ்டி இருக்கிறதே, அது அரசுக்குப் போகும். ஆகவே ரொக்க விற்பனையோடு ஒப்பிட்டால் ஏறக்குறையப் பத்து ரூபாய் குறையும். முழுக்க ஈடுகட்ட ரூ.3,892 வைக்க வேண்டும். தேர்வு உங்களுடையது.

பில் எப்படிப் போடுவது என்பதும் முக்கியம். பில் எப்போதும் ரூ.3,880இல் தொடங்கட்டும். ரொக்கமோ யுபிஐயோ என்றால் அடுத்த வரியில் "தள்ளுபடி ரூ.80", மொத்தம் ரூ.3,800. விற்கும்போதே பில்லில் காட்டிய தள்ளுபடிக்கு வரி கிடையாது, ரூ.3,800க்குத்தான் ஜிஎஸ்டி. கிரெடிட் கார்டு என்றால் அந்த வரி இருக்காது. இயந்திரத்தில் போடும் தொகையும் பில் தொகையும் ஒன்றாகவே இருக்கும். பெரிய விலை எம்.ஆர்.பி.யைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எம்.ஆர்.பி.யிலேயே விற்கும் பொருளுக்கு அதுதான் கார்டு விலை. குறைப்பது மட்டுமே உங்கள் கையில்.

மலர், திண்டுக்கல்

ரூ.3,880 போதும். பத்து ரூபாய் எங்களோடு போகட்டும். "வங்கி எடுப்பதற்கு மேல் நாங்கள் வைத்துக்கொள்வதில்லை" என்று யார் கேட்டாலும் கணக்கோடு சொல்ல முடியும்.

டெபிட் கார்டை எந்தப் பக்கம் வைப்பது? அதற்கும் கொஞ்சம் பிடிக்கிறார்களே.

மருந்துக்கடை, தென்காசி

கார்டு பக்கம் வையுங்கள். தள்ளுபடி தராமல் இருப்பது கட்டணம் வாங்குவது ஆகாது.

பேரேடு

எழுத்துப்படி பார்த்தால் தம்பி வாதாடலாம். புகார் வந்தால் வங்கி அதை ஏற்குமா என்பது வேறு. என் யோசனை: டெபிட்டை ரொக்கத்தோடு சேருங்கள். ரூ.3,800க்கு 0.90 சதவீதம் என்றால் ரூ.34.20, அதுவும் ரூபே அல்லாத கார்டுக்கு மட்டும். முப்பத்துநான்கு ரூபாய்க்காக அந்த விவாதத்துக்குள் போக வேண்டாம். கவனிக்க வேண்டியது கல்லாவில் இருப்பவர் கார்டைத் திருப்பிப் பார்ப்பது. பெரும்பாலான கார்டுகளில் டெபிட்டா கிரெடிட்டா என்று அச்சாகியிருக்கும். சந்தேகமென்றால் இயந்திரத்தில் தட்டுவதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும்.

அச்சகத்துக்காரன், மதுரை

இனி எழுதலாம். விலைச்சீட்டு இப்படி:

"மிக்சி – விலை ரூ.3,880
ரொக்கம், யுபிஐ, டெபிட் கார்டு: ரூ.3,800
ஜிஎஸ்டி உட்பட"

இரண்டு தொகையும் ஒரே அளவு எழுத்தில். சின்ன விலையைப் பெரிதாகவும் பெரிய விலையை எறும்பெழுத்திலும் போட்டால் பழைய சண்டை திரும்பி வந்துவிடும்.

வாசலுக்கு உள்ளே, கண் மட்டத்தில், ஒரு சிறிய பலகை:

"சில பொருள்களின் சீட்டில் இரண்டு விலை இருக்கும். கிரெடிட் கார்டுக்கு வங்கி எங்களிடம் கட்டணம் பிடிக்கிறது. ரொக்கம், யுபிஐ, டெபிட் கார்டு என்றால் அந்த அளவுக்கு விலை குறைவு. பில்லில் உள்ள தொகைக்கு மேல் எதுவும் வாங்குவதில்லை."

"டெபிட் கார்டுக்கும் பிடிக்கிறார்களே" என்று யாராவது நுணுக்கிக் கேட்டால் வாயால் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். அதையும் பலகையில் ஏற்றினால் யாரும் படிக்க மாட்டார்கள். மன்னிப்பும் வேண்டாம், ஒத்துழைப்பும் வேண்டாம். வருந்துகிறோம் என்று எழுதினாலே, வருந்தும்படி ஏதோ செய்கிறார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

எதிர்ப்பக்கம்

கடைசி வாக்கியம் எனக்குப் பிடித்திருக்கிறது. அது ஒரு வாக்குறுதி. மீறினால் பில்லைக் காட்டிக் கேட்கலாம். ஆனாலும் ரூ.3,880 என்ற விலை நேற்றுவரை இல்லாத விலை என்ற என் மனக்குறை போகவில்லை. ஒரே விலை வைத்து விற்கிற கடைக்குத்தான் நான் போவேன்.

பேரம் பேசினால் என்ன செய்வீர்கள்? நான் ரூ.3,700க்குப் பேசி முடித்த பிறகு கிரெடிட் கார்டைக் கொடுத்தால்?

மலர், திண்டுக்கல்

அங்கேதான் மாட்டிக்கொள்வோம். எங்கள் ஊரில் சீட்டு விலையோடு யாரும் வாங்கிப் போக மாட்டார்கள்.

சிவம், ஸ்காபரோ

பேரம் இங்கே இல்லாததால் அதை நான் யோசிக்கவே இல்லை.

பேரேடு

பேரத்தில் குறைப்பதை இரண்டு விலையிலும் ஒரே தொகையாகக் குறையுங்கள். நூறு குறைத்தால் கார்டுக்கு ரூ.3,780, மற்றவற்றுக்கு ரூ.3,700. எண்பது அப்படியே நிற்கும். கடைப் பையனுக்கு ஒரு வாக்கியம் பழக்கினால் போதும். கடைசி விலை சொல்லும்போது, "யுபிஐ என்றால் மூவாயிரத்து எழுநூறு, கிரெடிட் கார்டு என்றால் மூவாயிரத்து எழுநூற்று எண்பது" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு விலை சொன்னால், ஆளைப் பார்த்து விலை சொல்வதாகத் தோன்றும். அந்த ஆசிரியர் கேட்டதும் இதைத்தானே.

மலர், திண்டுக்கல்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். மிக்சி, அடுப்பு, மின்விசிறி மூன்றுக்கும் சீட்டு மாற்றியாகிவிட்டது. பீரோ, கட்டிலுக்கு ஒரே விலை. கல்லாவில் இப்போது சண்டை இல்லை, கேள்வி இருக்கிறது. சீட்டைப் படித்துவிட்டு, "அப்படியானால் யுபிஐயிலேயே போட்டுவிடுகிறேன்" என்று பலர் அவர்களாகவே மாற்றிக்கொள்கிறார்கள். ஒருவர் மட்டும் கார்டில் புள்ளிகள் சேர்கின்றன என்று ரூ.3,880 கொடுத்து, சிரித்துக்கொண்டே போனார். பலகையின் கீழே "நிர்வாகம்" என்று போடாமல் இருக்க மாமனாரைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. கடைசியில் கடைப் பெயரைப் போட்டோம்.

வங்கி ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தேன். கார்டுக்கு "கூடுதல் கட்டணம்" கூடாது என்று இருக்கிறது. தள்ளுபடி பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. வங்கிக்கு எழுத்தில் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.

புதிதாக ஒன்று. யுபிஐ என்று சொல்லி ஸ்கேன் செய்தார், ரூ.3,800 வாங்கினோம். மறுநாள் கணக்கில் கட்டணம் கழித்துப் பணம் வந்திருக்கிறது. யுபிஐக்குக் கட்டணம் இல்லை என்றீர்களே?

பேரேடு

ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ செயலியில் இணைத்துப் பணம் கட்டும் வசதி 2022இல் வந்தது. உங்கள் கண்ணுக்கு அதே ஸ்கேன்தான். பணம் வருவது கடன் அட்டையிலிருந்து. சிறு கடைகளுக்கு ரூ.2,000 வரை கட்டணம் இல்லை, அதற்கு மேல் உண்டு. வங்கி தரும் தினசரி அறிக்கையில் இது தனி வகையாக வரும், பாருங்கள். ஸ்கேன் செய்தவரைத் துரத்திப் பிடித்து எண்பது ரூபாய் கேட்காதீர்கள். சீட்டில் யுபிஐ ரூ.3,800 என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அடிக்கடி நடந்தால், உங்கள் கியூஆரில் கிரெடிட் கார்டு வழியை நிறுத்த முடியுமா என்று வங்கியிடம் கேளுங்கள்.

அச்சகத்துக்காரன், மதுரை

அல்லது சீட்டில் "வங்கிக் கணக்கு யுபிஐ" என்று மாற்றலாம். ஆனால் அது புரியாமல் கேட்பவர்கள் அதிகமாவார்கள். அறிக்கையைப் பார்த்துவிட்டு, எத்தனை பேர் அப்படிக் கட்டுகிறார்கள் என்று தெரிந்த பிறகு சொல்லுங்கள். அதுவரை பழைய சீட்டே இருக்கட்டும்.